சனிக்கிழமை வந்த அம்மாவும் என் நாலு வரியும்



மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழு நண்பர் ஒருவர் என்னைக் கேன்டீனில் பிடித்தார். "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே நாப்பது வந்திருக்கு. நீயா ஏதாவது செஞ்சிருந்தா அதை எழுது" என்றார். நானாகச் செய்தது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதையும் முதலில் தப்பாகத்தான் செய்தேன். அந்தத் தப்பையும், அதைத் திருத்திய விதத்தையும் இங்கே எழுதுகிறேன். சாட்பாட் செய்து பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கும் இருக்கிறது. நான் விழுந்த குழியில் நீங்கள் விழ வேண்டாமே!

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு கீழே ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. சென்டர் என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், இரண்டு கரும்பலகைகள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறக்குறைய அறுபது பிள்ளைகள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் கரையேறியதும் அங்கேதான். நடத்துபவரை ஊரே 'அக்கா' என்று அழைப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அக்காவுக்குத் தொல்லை போனால் வந்தது. மாலையில் வகுப்பு தொடங்கியதும் போனும் தொடங்கிவிடும். ஃபீஸ் எவ்வளவு, இன்றைக்கு வகுப்பு உண்டா, புதிதாகச் சேர எப்போது வரலாம் என்று ஒரே மாதிரிக் கேள்விகள். "நான் பாடம் நடத்தறதா, போனை எடுக்கறதா? நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே தம்பி, ஏதாவது வழி பண்ணேன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. நான் படிப்பதால் யாருக்காவது ஒரு பிரயோஜனம் என்று முதன்முதலாகக் கேட்டவர் அக்கா.

வகுப்பு நண்பன் ஒருவனும் நானும் சேர்ந்து இரண்டு வாரத்தில் ஒரு சிறிய வலைப்பக்கம் செய்தோம். டியூஷன் கதவில் ஒரு கியூஆர் கோடு ஒட்டினோம். போனில் அதைக் காட்டினால் பக்கம் திறக்கும். கேள்வியைத் தட்டினால் பதில் வரும். பதிலை எழுதுவது ஒரு கம்பெனியின் மொழி மாடல். அதை நாங்கள் செய்யவில்லை, செய்யவும் முடியாது. எங்கள் புரோகிராம் செய்வதெல்லாம் கேள்வியை வாங்கி, அதற்கு மேலே ஒரு குறிப்பைச் சேர்த்து மாடலுக்கு அனுப்பி, வரும் பதிலைக் காட்டுவதுதான். மேலே சேர்க்கும் அந்தக் குறிப்புக்குத்தான் சிஸ்டம் பிராம்ப்ட் என்று பெயர். பெற்றோர் கண்ணுக்கு அது தெரியாது. அனுப்பும்போது அது இப்படி இருக்கும்:

```
[
  {"role": "system", "content": "நீ டியூஷன் சென்டரின் உதவியாளர்..."},
  {"role": "user", "content": "பத்தாவதுக்கு ஃபீஸ் எவ்வளவு?"}
]
```

கம்பெனிக்குக் கம்பெனி எழுதும் வடிவம் கொஞ்சம் மாறலாம், விஷயம் ஒன்றுதான். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கேள்விக்கும் இந்தக் குறிப்பு முழுவதும் மறுபடியும் போகிறது என்பது. நேற்று அனுப்பியதை மாடல் இன்றைக்கு நினைவில் வைத்திருக்காது. அக்கா யார், கோத்தகிரி எங்கே இருக்கும் டியூஷன், ஃபீஸ் எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

புரோகிராமுக்கு இரண்டு வாரம் செலவழித்த நான், குறிப்பை எழுத ஐந்து நிமிடம்தான் செலவழித்தேன். தமிழில் நாலு வரி எழுத எவ்வளவு நேரம் வேண்டும் என்ற அலட்சியம்! நான் எழுதிய நாலு வரி இதோ:

```
நீ எங்கள் டியூஷன் சென்டரின் உதவியாளர். அன்பாகப் பேசு.
திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4.45 முதல் 6.45 வரை வகுப்பு உண்டு.
10, 12ஆம் வகுப்புகளுக்குச் சனிக்கிழமையும் உண்டு.
எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லாதே.
```

படித்துப் பாருங்கள். பார்வைக்குத் தப்பு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. கடைசி வரியை நான் பெருமையோடு எழுதினேன். நம் டியூஷனைத் தேடி வருபவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை. அக்கா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கொடநாடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். எட்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம்.

"இன்னைக்கு எட்டாவதுக்குக் கிளாஸ் கிடையாதேம்மா" என்றார் அக்கா.

"இருக்குன்னு செல்லுல போட்டிருக்குங்களே. பத்து மணிக்குன்னு போட்டுச்சு. புள்ளையும் படிச்சுக் காட்டுச்சு."

போனை வாங்கிப் பார்த்தேன். எட்டாவதுக்குச் சனிக்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். காலை 10 முதல் 12 வரை, நோட்டுப் புத்தகத்தோடு வரவும் என்று எங்கள் சாட்பாட் மரியாதையாகப் பதில் தந்திருக்கிறது. பத்தும் பொய், பன்னிரண்டும் பொய், நோட்டுப் புத்தகமும் அதுவாகச் சேர்த்துக்கொண்டது.

அந்த அம்மா கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க. இன்னைக்கு இலை பறிக்கப் போகலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. என் அம்மாவும் இலை பறிப்பவர்தான். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. எங்கள் மாதிரி வீடுகளில், வாயால் சொன்னால் சந்தேகப்படுவார்கள். எழுத்தில் வந்துவிட்டால் நம்பிவிடுவார்கள். எழுதியவர் படித்தவராக இருப்பார், படித்தவர் விசாரித்துத்தானே எழுதியிருப்பார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல்தான் என் நாலு வரி பொய் சொல்லியிருந்தது.

மாடல் ஏன் அப்படிச் சொன்னது? அன்றிரவு அந்த நாலு வரியையும் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் சனிக்கிழமை உண்டு என்றுதான் நான் எழுதியிருந்தேனே தவிர, மற்ற வகுப்புகளுக்கு இல்லை என்று எழுதவில்லை. மணியையும் எழுதவில்லை. கேள்வியோ, வகுப்பு இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு மணியை மட்டும் கேட்கிறது. அதற்கு மேல், தெரியாது என்று சொல்லாதே என்று நானே கதவைச் சாத்திவிட்டேன். தகவலும் இல்லை, தெரியாது என்று சொல்லும் வழியும் இல்லை என்றால் மாடலுக்கு மிச்சம் இருப்பது ஒன்றே: டியூஷன் சென்டர்கள் பொதுவாக எப்படி இருக்குமோ அப்படி ஒரு மணியைக் கட்டிச் சொல்வது. சனிக்கிழமை டியூஷன் பத்து மணிக்கு என்பது உலகத்தில் எங்கேயாவது உண்மையாக இருக்கும். அக்காவிடம் அது உண்மையில்லை.

இது என்னைப் போன்ற பொடியன்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 2022இல் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், பாட்டி இறந்து பயணம் செய்யவிருந்த ஒருவரிடம், முழுக் கட்டணத்தில் டிக்கெட் வாங்கிவிட்டுப் பிறகு துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தின் விதியோ அதற்கு நேர்மாறு. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் வலைத்தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லிப் பணம் கொடுக்க வைத்தது. இதைப் படித்தபோது படியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவருக்குத் தீர்ப்பாயம் ஏது?

மறுநாளே பிராம்ப்டைத் திருத்த உட்கார்ந்தேன். பயந்தவன் என்ன செய்வான்? எதற்கும் தடை போடுவான். சொல்லாதே, செய்யாதே, கூடாது என்று இருபது வரி எழுதினேன். 'கண்டிப்பாக' என்ற சொல்லை மட்டும் எட்டு இடத்தில் போட்டேன். நடுவில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. பிள்ளைகள் வீட்டுப்பாடக் கணக்கை அப்படியே தட்டி விடையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். "இதுக்கா கேட்டேன்?" என்று அக்கா கடிந்துகொண்டார். அதற்கும் ஒரு வரி போட்டேன்: பாடம் தொடர்பான கேள்விகளுக்குக் கண்டிப்பாகப் பதில் சொல்லாதே.

பொய் நின்றது, அதோடு பிரயோஜனமும் நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புக்கு என்னென்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று ஒரு அப்பா கேட்டால், அதுவும் பாடம் தொடர்பான கேள்வியாயிற்றே, பதில் சொல்ல இயலாது என்று வந்தது. ஃபீஸைத் தவணையாகக் கட்டலாமா என்றால், அக்காவிடம் கேளுங்கள். டியூஷன் எங்கே இருக்கிறது என்றால்கூட ஒரு தடவை, அக்காவிடம் கேளுங்கள்! போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. "இதுக்கு அந்தப் பொட்டியே வேண்டாம்டா, நானே எடுத்துக்கறேன்" என்றார் அக்கா.

விடையும் அக்காவிடமிருந்தேதான் கிடைத்தது. அதற்கு முந்திய வருடம் அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது, டியூஷனைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரி மாணவி ஒருவரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்காக எழுதி வைத்த இரண்டு பக்கக் குறிப்பு மேஜை டிராயரிலேயே இருந்தது. "புதுசா வர்ற பொண்ணுக்கு எழுதின மாதிரி அதுக்கும் எழுதேன். அந்தப் பொண்ணும் கெட்டிக்காரிதான். ஆனா நம்ம டியூஷனைப் பத்தி ஒண்ணும் தெரியாதவ" என்றார்.

நண்பர்களே, சிஸ்டம் பிராம்ப்ட் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருந்தது. அக்கா அதில் 'கண்டிப்பாக' என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. இப்படித்தான் எழுதியிருந்தார்: "சோலூர்மட்டம் பிள்ளைகளைக் கால் மணி முன்னாடியே விட்டுடு, பஸ்ஸை விட்டா அவங்களுக்கு வேற வழி இல்லை. ஃபீஸ் கட்டலைன்னு யாரையும் மத்த பிள்ளைங்க முன்னாடி கேக்காதே, நான் வந்து பேசிக்கறேன்." செய்ய வேண்டியது இருக்கிறது, அதற்குக் காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. காரணம் தெரிந்த பெண், குறிப்பில் இல்லாத சந்தர்ப்பம் வந்தாலும் அதற்குத் தக்கபடி நடந்துகொள்வாள்.

மூன்றாவது பிராம்ப்டை அக்காவின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். முதலில் தகவல். ஒரு புதியவர் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தால் என்னென்ன கேட்கப்படுவாரோ அத்தனையும்: வகுப்புவாரியாக ஃபீஸ், நாள், மணி, பாடங்கள், இடம், சேரும் முறை. உண்டு என்பதோடு இல்லை என்பதையும் எழுதினேன். முன்பு ஒரு வரியாக இருந்த சனிக்கிழமை இப்போது இப்படி ஆனது:

```
சனிக்கிழமை: 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும், காலை 9.30 முதல் 12.30 வரை.
6, 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு இல்லை.
ஞாயிறு யாருக்கும் வகுப்பு இல்லை.
```

அடுத்து, கேட்பவர்கள் யார் என்பது. இதை நான் முன்பு எழுதவே இல்லை. மாடலுக்கு நம் பெற்றோரைத் தெரியாது. ஆகவே நகரத்து ஆபீசருக்கு எழுதுவதுபோல் புள்ளி வைத்துப் பட்டியல் போட்டு நீளமாக எழுதிக்கொண்டிருந்தது. 'சுருக்கமாக எழுது' என்று முன்பு ஒரு விதி போட்டுப் பார்த்திருந்தேன். சுருங்கியதே தவிரச் சரியாகவில்லை. இப்போது விதிக்குப் பதிலாக நிலைமையை எழுதினேன்:

```
கேட்பவர்கள் பெரும்பாலும் எஸ்டேட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பெற்றோர்.
பதிலைப் பிள்ளைகளோ பக்கத்து வீட்டாரோ வாசித்துக் காட்டுவார்கள்.
ஆகவே காதால் கேட்டால் புரியும்படி மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்.
அவர்கள் எந்த எழுத்தில் தட்டுகிறார்களோ அந்த எழுத்திலேயே பதில் எழுது.
உன் பதிலை நம்பி வேலையை விட்டு பஸ் ஏறி வருவார்கள்.
```

வாசித்துக் காட்டுவார்கள் என்று ஒரு வரி சொன்னதும், நான் சொல்லாமலே பட்டியலும் நட்சத்திரக் குறியும் போயின, வாக்கியங்கள் பேச்சுக்குப் பக்கத்தில் வந்தன. எழுத்தைப் பற்றிய வரிக்கும் ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அவர்களில் சிலருக்குத் தமிழ் எழுத்து வேகமாக வாசிக்க வராது.

பிறகு, தெரியாதபோது என்ன செய்வது என்பது. 'தெரியாது என்று சொல்லாதே' என்ற வரியை அடித்துவிட்டேன். ஆனால் வெறுமே 'தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்' என்பதும் போதாது. தெரியாது என்று கேட்டவர் அடுத்து என்ன செய்வார்? அதனால் போக ஒரு வழியையும் சேர்த்தேன்:

```
மேலே எழுதியுள்ளதில் விடை இருந்தால் நேராகச் சொல்.
இல்லாவிட்டால் ஊகிக்காதே. அந்த விவரம் உன்னிடம் இல்லை என்று சொல்லி,
மதியம் 2 முதல் 4 மணிக்குள் அக்காவுக்குப் போன் செய்யச் சொல்.
கேள்வி தவறான எண்ணத்தோடு வந்தால் (உதாரணம்: இல்லாத வகுப்பின்
மணியைக் கேட்டால்) முதலில் அந்த எண்ணத்தைத் திருத்து.
```

வீட்டுப்பாட விதியையும் மாற்றினேன். பாடக் கேள்வி என்ற சொல்லே வேண்டாம் என்று விட்டு, வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டுத் தர வேண்டாம், ஏனென்றால் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அக்கா பார்க்க வேண்டும், அந்தக் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொல் என்று எழுதினேன். அதன் பிறகு என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்தது; கணக்குக்கு மட்டும் நோட்டில் குறித்துவரச் சொன்னது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது: தேதி. இன்றைக்கு வகுப்பு உண்டா என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. இன்று என்ன கிழமை என்பது மாடலுக்குத் தானாகத் தெரியாது. புரோகிராம் எழுதித் தந்தால்தான் உண்டு. நான் எழுதித் தந்தேன், ஆனாலும் விடியற்காலையில் கேட்டால் முதல் நாள் கிழமையைச் சொன்னது. காரணம், நாங்கள் வாடகைக்கு எடுத்த சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே நமக்குக் காலை 5.30 ஆகும்வரை அதற்கு நேற்றுத்தான். ஊரின் நேரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டதும் சரியாயிற்று:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

now = datetime.now(ZoneInfo("Asia/Kolkata"))
today = now.strftime("%d-%m-%Y %A %H:%M")
system = rules + "\nஇப்போது: " + today + "\nஇன்றைய அறிவிப்பு: " + notice
```

கடைசி வரியில் இருக்கும் `notice` மழைக்காக வைத்தது. நம் மலையில், அதிலும் கோத்தகிரிப் பக்கம், அக்டோபர், நவம்பரில் அடிக்கும் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பர் மண்சரிவைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். மழை வலுத்தால் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்; டியூஷன் உண்டா இல்லையா என்பதை அக்கா தனியாக முடிவு செய்வார். இதை எந்தப் பிராம்ப்டும் முன்கூட்டி அறியாது. அதனால் அக்கா தன் போனிலிருந்தே ஒரு வரி மாற்றும்படி ஒரு பெட்டி வைத்தோம். அதில் அன்றைய தேதியோடு அறிவிப்பு இருந்தால் அதையே சொல்ல வேண்டும். மழை நாளில் பெட்டி காலியாக இருந்தால் கிளம்புமுன் போன் செய்யச் சொல்ல வேண்டும். என்றும் மாறாததை ஓரிடத்திலும் தினம் மாறுவதை வேறிடத்திலும் வைத்ததில் எனக்கும் நிம்மதி, மழை பெய்கிற நாளெல்லாம் என்னைத் தேட வேண்டியதில்லை என்று அக்காவுக்கும் நிம்மதி.

பிராம்ப்டை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி எண்ணுகின்றன. கட்டணமும் அந்தக் கணக்கில்தான். ஒரே விஷயத்துக்குத் தமிழில் பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகள் ஆகும். ஆனாலும் தமிழிலேயே வைத்தேன். அக்கா வாசித்து, "11ஆம் வகுப்பு ஃபீஸ் தப்பு தம்பி" என்று பேனாவால் திருத்தியது தமிழில் இருந்ததால்தான். உண்மை யாரிடம் இருக்கிறதோ அவர் வாசிக்க முடியாத பிராம்ப்டை யார் சரிபார்ப்பது?

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? முன்பு நான் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுக் கதவில் ஒட்டிவிட்டேன். இந்தத் தடவை ஒரு நோட்டில் 24 கேள்விகள் எழுதினேன். பிராம்ப்டில் விடை இருக்கும் கேள்விகள் எட்டு, விடை இல்லாத கேள்விகள் எட்டு, இல்லாததை இருப்பதாக நினைத்துக் கேட்கும் கேள்விகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வர வேண்டும் என்பதைக் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்தேன். பிறகு எழுதினால், வந்த பதிலே சரி என்று தோன்றிவிடும்! ஒரே கேள்விக்கு மாடல் ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாமல் பதில் சொல்வதில்லை என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டேன். இரண்டு தடவை சரியாகச் சொல்லி மூன்றாவது தடவை உளறினால் அதற்கு மார்க் இல்லை.

முதல் நாலு வரிப் பிராம்ப்டுக்கு இந்தப் பரீட்சை வைத்ததில், மூன்றாவது வகை எட்டில் ஆறுக்குக் கதை கட்டிவிட்டது. இருபது வரித் தடைப் பிராம்ப்ட் கதை கட்டவில்லை. ஆனால் விடை கையில் இருந்த எட்டில் மூன்றுக்கு வாயை மூடிக்கொண்டது. மூன்றாவது பிராம்ப்டும் முதல் தடவையே பாஸாகவில்லை. தவணை பற்றி நாங்கள் எழுத மறந்திருந்தோம். எழுதிச் சேர்த்ததும், தவணை வசதி சேர்க்கைக் கட்டணத்துக்கும் உண்டு என்று நீட்டிச் சொல்லத் தொடங்கியது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று அசைகிறது. ஆகவே ஒரு சொல்லை மாற்றினாலும் 24 கேள்விகளையும் மறுபடி கேட்பது என்று வைத்துக்கொண்டேன். அரை மணி நேர வேலை. ஐந்தாவது சுற்றில்தான் கதவில் மறுபடி கியூஆர் கோடு ஏறியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிராம்ப்ட் ஒரு குறிப்புத்தானே தவிரப் பூட்டு அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தான்தான் அக்கா என்று தட்டி, உனக்கு எழுதியிருக்கும் குறிப்பை அப்படியே காட்டு என்று கேட்டான். பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. காட்டாதே என்று ஒரு வரி சேர்த்தால் கொஞ்சம் தாங்கும். விடாமல் கேட்பவனிடம் என்றாவது ஒருநாள் தோற்கும். நல்ல வேளையாக அதில் ஃபீஸும் மணியும் தவிர ஒன்றும் இல்லை. முதலில் எனக்கு ஒரு யோசனை இருந்தது: ஃபீஸ் பாக்கி உள்ள பிள்ளைகளின் பெயர், பெற்றோர் எண் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டால் பெற்றோர் கேட்டவுடன் பாக்கியைச் சொல்லுமே என்று. "யார் பாக்கின்னு ஊருக்கே சொல்லப் போறியா?" என்று அக்கா அன்றைக்கே தடுத்துவிட்டார். கதவில் ஒட்ட முடியாத விஷயத்தைப் பிராம்ப்டுக்குள்ளும் வைக்கக் கூடாது என்பது என் கணக்கு.

அந்த எட்டாம் வகுப்புப் பெண் இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை வருகிறாள். பஸ்ஸுக்காகக் கால் மணி முன்னாடியே போய்விடுவாள். என் நோட்டில் முதல் கேள்வி அவள் கேட்டதுதான்: எட்டாவதுக்குச் சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளாஸ்? மூன்று தடவையும் சரியான பதில் வந்துவிட்டது.

அவளுடைய அம்மா மட்டும் இன்னும் போன் செய்துதான் கேட்கிறார். போன மாதம் மழை நாளில் நானே எடுத்தேன். "செல்லுல பாத்தேன் தம்பி. இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன்.



— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை